மருந்து ஏறும்போது எரியுது என்று அப்பா சொன்னார்

செல்லம்பட்டி முத்து

அப்பாவுக்கு வயது 68. போன மாசியில் நிமோனியா என்று மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் வைத்து, வலது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் மருந்து ஏற்ற நரம்புக்குள் விட்டு வைக்கிற சின்னக் குழாய், ரோஸ் கலர் வென்ஃப்ளான் போட்டார்கள். அந்த நேரத்தில் கிடைத்த நரம்பு அதுதான்.

தினமும் இரண்டு ஆன்டிபயாடிக். ஒன்றை ஊசியில் மெதுவாகப் போடுவார்கள். இன்னொன்று அசித்ரோமைசின், 250 மில்லி பாட்டிலில் கலந்து ஒரு மணி நேரம் ஓட வேண்டும். முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் நாள் பாட்டில் பாதி ஓடும்போதே அப்பாவுக்குப் பாத்ரூம் போக அவசரம். "இதை சீக்கிரம் முடிச்சு விடுடா" என்றார். நான்தான் ட்யூபில் இருக்கிற சக்கரத்தை மேலே தள்ளி விட்டேன். மிச்சம் இருந்தது ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. "கை எரியுதுடா" என்றார். ஜில்லென்று இருப்பதால் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி மருந்து போட வந்த சின்னப் பெண், முதலில் சலைன் தள்ளிப் பார்த்தது. போகவில்லை. கையில் இருந்தது 2 மில்லி சிரிஞ்ச். "லேசா அடைச்சிருக்கு தாத்தா" என்று சொல்லி, கட்டைவிரலை வைத்து அழுத்தியது. அப்பா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆனால் சலைன் போய்விட்டது, மருந்தும் போட்டுவிட்டார்கள்.

காலையில் பார்த்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி நாலு விரல்கடை நீளத்துக்குச் சிவந்த கோடு. தடவினால் தோலுக்கு அடியில் சணல் கயிறு ஓடுவது போல இருந்தது. வென்ஃப்ளானை எடுத்துவிட்டு இடது முன்கையில் போட்டார்கள். நிமோனியா பத்து நாளில் சரியாகிவிட்டது. அந்தக் கயிறு மறைய ஒன்றரை மாதம் ஆனது. மண்வெட்டி பிடித்தால் வலிக்கிறது என்பார்.

நான் சக்கரத்தைத் திறந்ததாலா, அந்தப் பெண் அழுத்தியதாலா? எதைப் பார்த்து முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அழகர்கோவில் சேகர்

தம்பி, நான் பன்னிரண்டு வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இதற்குப் பெயர் ஃப்ளெபைட்டிஸ், நரம்பு புண்ணாவது. மூன்று நாளைக்கு ஒரு தடவை வென்ஃப்ளானைக் கண்டிப்பாக மாற்றினால் இது வரவே வராது. வந்துவிட்டால் ஐஸ் வைக்கணும், மேலே ஹெபாரின் ஆயின்மென்ட் தடவணும். என் கடைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கோமதி சிஸ்டர்

முத்து, நான் 31 வருடம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்ட இரண்டும் காரணம்தான், மூன்றாவதாகப் போட்ட இடமும் காரணம்.

அசித்ரோமைசின் நரம்பை எரிக்கிற மருந்து. 500 மில்லிகிராமை 250 மில்லியில் கலந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விடச் சொல்வது அதனால்தான். மெதுவாகப் போனால் ஓடுகிற ரத்தம் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். வேகமாகத் திறந்துவிட்டால் கரைவதற்கு நேரமில்லாமல் நரம்பின் உள்சுவரில் அப்படியே படும். அப்பா "எரியுது" என்று சொன்ன இடம் அதுதான். மணிக்கட்டில் போட்டால் கையை மடக்க மடக்க உள்ளே இருக்கிற குழாய் முனை சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் அங்கே போட்டது தப்பில்லை. விடிந்ததும் முன்கைக்கு மாற்றியிருக்கலாம்.

அந்தப் பெண் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் நிறையப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சின்ன சிரிஞ்சில் அதே விரல் பலத்துக்கு அழுத்தம் அதிகமாக வரும். அடைத்திருக்கிற குழாயில் 2 மில்லி சிரிஞ்சை வைத்து அழுத்தினால், முனையில் உறைந்திருக்கும் ரத்தக் கட்டி உள்ளே தள்ளப்படும், இல்லையென்றால் நரம்பு கிழிந்து மருந்து சதைக்குள் இறங்கும். நான் 10 மில்லி சிரிஞ்சைத்தான் எடுப்பேன், உள்ளே சலைன் 5 மில்லி இருந்தாலும் சரி. முதலில் வென்ஃப்ளான் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து விநாடி நன்றாகத் தேய்த்துக் காய விடுவேன். அப்புறம் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ளி, நிறுத்தி. ஒரே மூச்சில் தள்ளினால் நடுவில் மட்டும் ஓடிப் போகும். விட்டு விட்டுத் தள்ளினால் உள்ளே சுழன்று சுவரில் ஒட்டியிருப்பதையும் கழுவும். கடைசி அரை மில்லியை சிரிஞ்சிலேயே விட்டு, தள்ளிக்கொண்டிருக்கும்போதே கிளாம்பைப் போட்டுவிடுவேன். அப்போதுதான் ரத்தம் திரும்பி முனைக்குள் ஏறாது.

தள்ளும்போது என் கண் சிரிஞ்சில் இருக்காது, நோயாளியின் முகத்தில் இருக்கும். இன்னொரு கை விரல் முனைக்கு மேலே தோலில் இருக்கும். அங்கே உப்பினால் விரலுக்குத் தெரியும். முகம் சுளித்தாலோ, சிரிஞ்ச் எதிர்த்தாலோ அதோடு நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் அந்த லைனில் மருந்து கிடையாது.

முந்தின நாளே எதைப் பார்த்திருக்கலாம் என்றால், வலி மட்டும் லேசாக இருந்தாலோ, சிவப்பு மட்டும் லேசாக இருந்தாலோ அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கலாம். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் எடுத்துவிட வேண்டும். கயிறு தட்டுப்படுவது அதற்கும் அடுத்த கட்டம். கூடவே காய்ச்சலோ சீழோ வந்தால் டாக்டர் உடனே பார்த்தாக வேண்டும். எடுத்த பிறகும் இரண்டு நாள் அந்த இடத்தைப் பாருங்கள், சிலருக்கு எடுத்த பின்னால்தான் சிவக்கும்.

சேகர் தம்பி, பெயர் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் இந்த மாதிரி நரம்பு வீக்கத்துக்கு நாங்கள் வெதுவெதுப்பான ஒத்தடம்தான் கொடுப்போம், கையைத் தலையணை மேல் உயர்த்தி வைப்போம். ஆயின்மென்ட் சிலருக்கு இதமாக இருக்கும், ஊசி குத்திய ஓட்டை மேல் மட்டும் தடவக் கூடாது. மருந்து சதைக்குள் கசிந்திருந்தால், முக்கியமாகக் கேன்சர் மருந்து என்றால், சூடா ஐஸா என்பது மருந்துக்கு மருந்து மாறும். வீட்டில் முடிவு பண்ணாதீர்கள்.

மேலூர் பாண்டியம்மா

என் வீட்டுக்காரருக்கும் இதே போல இடது கையில் நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது. தொட்டால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி துடிக்கிறது. டயாலிசிஸ் ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. ஒத்தடம் கொடுக்கலாமா சிஸ்டர்?

கோமதி சிஸ்டர்

அம்மா, ஒத்தடம் வேண்டாம். அது டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இணைத்த நரம்பு. அந்தத் துடிப்பு இருக்கத்தான் வேண்டும். தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், துடிப்பு நின்றால் அன்றைக்கே டயாலிசிஸ் பிரிவுக்குப் போங்கள். அந்தக் கையில் வென்ஃப்ளான், ரத்தப் பரிசோதனை ஊசி, பிரஷர் பட்டை எதையும் அனுமதிக்காதீர்கள்.

ஜெனி, ஐசியு

சேகர் அண்ணன் சொன்ன மூன்று நாள் கணக்கைப் பற்றி. எங்கள் யூனிட்டிலும் இதில் சண்டை ஓய்ந்தபாடில்லை. 2012-ல் ஆஸ்திரேலியாவில் மூவாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டால் மட்டும் மாற்றியவர்களுக்கும் ஃப்ளெபைட்டிஸ் ஒரே அளவுதான், இரண்டு பக்கமும் 7 சதவீதம். அதனால் நன்றாக இருக்கிற லைனை எடுத்துவிட்டு மறுபடி குத்த வேண்டாம் என்பது ஒரு கட்சி.

ஆனால் ஜெனீவாவில் 96 மணி நேரக் கணக்கைக் கைவிட்ட பிறகு ரத்தத்தில் கிருமி ஏறியது கூடியது என்று 2021-ல் எழுதினார்கள். என் அபிப்பிராயம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் வென்ஃப்ளான் போட்ட இடத்தைப் பார்க்க ஆள் இருந்தால் தேவைக்கு மாற்றலாம். ஒரு சிஸ்டர் முப்பது பேரைப் பார்க்கிற வார்டில், நாள் கணக்கு வைப்பதே பத்திரம்.

கோமதி சிஸ்டர்

எனக்கு நாள் கணக்கில் நம்பிக்கை கிடையாது ஜெனி. முத்து அப்பாவுக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டதே. கணக்கு இருந்தால், மூன்றாம் நாள் வரை பார்க்க வேண்டாம் என்று மனசு சொல்லிவிடும்.

திருமங்கலம் ராஜி

எங்கள் அம்மாவுக்குக் கீமோ கொடுக்க மேல்கையில் பிக் லைன் போட்டிருந்தார்கள். அது உள்ளே நெஞ்சு வரை போகிற நீளக் குழாய். வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றி, 10 மில்லி சலைன் தள்ளிவிட்டு வருவோம்.

சித்திரை வெயிலில் வியர்த்து, நாலாம் நாளே ஒட்டியிருந்த கண்ணாடி பிளாஸ்திரியின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. ஏழாம் நாள்தானே போக வேண்டும் என்று மேலே சாதா பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன். குழாய் போட்ட இடத்தில் சிவப்பு இல்லை, சீழ் இல்லை. ஏழாம் நாள் ஃப்ளஷ் செய்து வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரத்தில் அம்மாவுக்குக் குளிர் நடுக்கம். இரண்டு கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. ராத்திரி சரியாகிவிட்டது, மலேரியாவாக இருக்குமோ என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரம் ஃப்ளஷ் செய்ததும் மறுபடி அதே நடுக்கம்.

அப்போதுதான் டாக்டர் "தண்ணி தள்ளின பிறகா வருது?" என்று கேட்டார். குழாயிலிருந்து ஒரு பாட்டில், மறு கையிலிருந்து ஒரு பாட்டில் ரத்தம் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். குழாய் ரத்தத்தில் கிருமி மூன்று மணி நேரம் முந்தி வளர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்தினால் கிருமி குழாயில்தான் குடியிருக்கிறது என்று அர்த்தமாம். லைனை எடுத்துவிட்டு இரண்டு வாரம் மருந்து கொடுத்தார்கள்.

இப்போது புது லைன். ஓரம் தூக்கினால் மறுநாளே போய் மாற்றிவிடுகிறோம். பழைய பிளாஸ்திரியைக் குழாய் நுழைகிற இடத்தை நோக்கி உரிக்கிறார்கள், எதிர்ப் பக்கம் உரித்தால் குழாயும் கூட வந்துவிடுமாம். ஃபேனை நிறுத்திவிட்டு, குளோர்ஹெக்சிடின் வைத்து அரை நிமிடம் தேய்த்து, அது தானாகக் காயும் வரை கையை நீட்டியபடியே உட்கார வைக்கிறார்கள். அப்புறம் வெளியே தெரிகிற குழாய் எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதுகிறார்கள். அம்மாவுக்கு 4. ஒரு தடவை 6 என்று வந்தபோது உள்ளே தள்ளாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

செல்லம்பட்டி முத்து

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், அப்பாவிடம் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். சக்கரத்தை நான் திறந்த கதை அவருக்கு இப்போதுதான் தெரியும். "நான் சொல்லித்தானடா திறந்த" என்றார். அடுத்த மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதே வலது கையில் போடலாமா, இடது கைதானா?

கோமதி சிஸ்டர்

வலது கையில் அந்தக் கயிறு இருந்த நரம்பை விட்டுவிடச் சொல்லுங்கள். இடது முன்கையில், மடங்காத இடமாகப் பார்த்துக் கேளுங்கள். அவர் வேலை செய்கிற கையும் சும்மா இருக்கும், தானே எழுந்து பாத்ரூம் போய்க்கொள்வார்.