5 மி.மீ. வெட்சூட் போட்டும் முதுகு ஏன் சில்லிடுகிறது?

ஏரிப்புதியவன்
வணக்கம். வெளிநாட்டுக்குக் குடிவந்து இதுதான் முதல் கோடை. வீட்டருகே நீந்த அனுமதியுள்ள ஏரி இருக்கிறது; தண்ணீர் இப்போது 14 டிகிரி. அலைச்சறுக்குப் பழக்கமுள்ள நண்பர் தன் வெட்சூட்டைக் கொடுத்தார். உள்ளே 5/4/3 என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் கால் மணி நேரத்துக்குள் இடுப்புக்கு மேலே முதுகு சில்லிட்டுவிடுகிறது, தோள்களும் கடுக்கின்றன. இதைவிடத் தடித்ததாக வாங்க வேண்டுமா? என் உயரம் 172 செ.மீ., எடை 64 கிலோ.

ஆழ்கடல்
தம்பி, வெட்சூட் உள்ளே கொஞ்சம் தண்ணீரை விட்டு, அதை நம் உடல் சூட்டில் வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. அதனால் சற்றுத் தளர்வாக இருப்பதே நல்லது. நான் டைவிங் போகும்போது 7 மி.மீ. போடுகிறேன், குளிரே தெரிவதில்லை. அதையே வாங்குங்கள்.

திறந்தநீர்
ஆழ்கடல் சொல்வதில் பாதி சரி. உள்ளே தண்ணீர் வருவது உண்மைதான். ஆனால் நம்மைக் காப்பது அந்தத் தண்ணீர் அல்ல. நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் சூட்டை வெளியே விடாமல் தடுக்கின்றன. உள்ளே வந்த தண்ணீர் அசையாமல் இருக்கும்வரை பாதகமில்லை. அது வெளியேறிப் புதுத் தண்ணீர் நுழைந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் நம் உடல் அதைச் சூடாக்க வேண்டியிருக்கும். தளர்ந்த 5 மி.மீ. உடையைவிட ஒட்டிப் பிடிக்கும் 3 மி.மீ. உடை சூடாக இருப்பது இதனால்தான்.

7 மி.மீ. டைவிங்குக்குச் சரி. ஆழத்தில் நீரின் அழுத்தம் ரப்பரை நசுக்கி மெலிதாக்கிவிடும், டைவர் கைகளைச் சுழற்றுவதும் இல்லை. நீந்துபவருக்கு அது தோளில் கட்டிய சுமை. டிரையத்லான் போட்டி விதிகளிலும் உச்சவரம்பு 5 மி.மீ.தான்.

ஏரிப்புதியவன், உங்கள் உடையில் 5 என்பது மார்பும் முதுகும், 4 கால்கள், 3 கைகள். 14 டிகிரிக்கு இந்தத் தடிமன் போதும். குறை அதில் இல்லை. நீச்சலுக்கென்றே தைத்த உடையில் தோளும் கையும் 1.5 அல்லது 2 மி.மீ. மட்டுமே இருக்கும். உங்களுடையதில் 3 மி.மீ., அதுவும் துணி ஒட்டிய ரப்பர். கையை வீசும் ஒவ்வொரு முறையும் அதை இழுத்து நீட்ட வேண்டியிருக்கிறது.

வாங்குவதற்கு முன் கண்ணாடி முன் நின்று ஒன்றைப் பாருங்கள். கவட்டையில் ரப்பர் உடலோடு ஒட்டியிருக்கிறதா, இல்லை இடைவெளி தெரிகிறதா? பிறகு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, முதுகுக் குழிவில் ரப்பரைக் கிள்ளிப் பாருங்கள்.

ஏரிப்புதியவன்
பார்த்துவிட்டேன் அக்கா. கவட்டையில் நான்கு விரல் நுழைகிறது. முதுகுக் குழிவில் ஒரு கைப்பிடி ரப்பர் கிள்ள வருகிறது. நீந்தும்போது முதுகுத்தண்டு வழியாகக் குளிர்ந்த நீர் ஓடுவது போலவும் தோன்றும்.

திறந்தநீர்
அப்படியானால் இரண்டு குறைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது நீங்கள் உடுத்தும் முறை, இரண்டாவது அளவு. முதலாவதைச் சரிசெய்த பிறகுதான் இரண்டாவதைப் பற்றி முடிவு செய்ய முடியும்.

கவட்டை நான்கு விரல் கீழே நின்றால் அவ்வளவு நீளம் தோளில் குறைகிறது. அதனால் கையைத் தூக்கும்போதெல்லாம் முழு உடையையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் ரப்பர் வழுக்கிப் போகும். கணுக்காலில் தொடங்கி, ரப்பரைச் சிறுசிறு மடிப்பாக மேலே நகர்த்துங்கள். விரல் நுனிச் சதையால் பிடியுங்கள். நகம் பட்டால் பிறை வடிவத்தில் கிழியும். கவட்டை ஒட்டும்வரை இடுப்புக்கு மேலே இழுக்கவே கூடாது. பிறகு மணிக்கட்டிலிருந்து தோளை நோக்கி இதேபோல் நகர்த்துங்கள். அக்குளில் வெற்றிடம் இருக்கக் கூடாது. அவசரப்படாமல் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கரையோரம்
இடையில் என் சந்தேகம். நான் கடலில் தவளை நீச்சல் மட்டும் அடிப்பவள். நீச்சலுக்கான உடையே வாங்கினேன். அளவும் கச்சிதம், குளிரவும் இல்லை. ஆனால் கால்கள் மேலே மிதந்து, உதைக்கும்போது பாதம் தண்ணீருக்கு வெளியே போய்விடுகிறது. கழுத்தின் பின்புறமும் வலிக்கிறது. ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா?

திறந்தநீர்
வேண்டாம் தங்கை, ஒரு அளவு பெரிதாக எடுத்தால் மிதப்பு குறையாது, தண்ணீர்தான் நுழையும். ஃப்ரீஸ்டைல் அடிப்பவர்களின் கால் தாழாமல் இருக்க, பல உடைகளில் தொடையையும் இடுப்பையும் தடித்த ரப்பரால் தைப்பார்கள். தவளை நீச்சலில் இடுப்பு சற்றுத் தாழ வேண்டும். அது உயர்ந்துவிடுவதால் தலையைப் பின்னுக்கு வளைக்கிறீர்கள், கழுத்து வலிக்கிறது. கால் பகுதி மெலிந்த, மிதப்பு குறைவான உடையென்று கேட்டு வாங்குங்கள். குளிர் மிகுந்த நீரில் அதற்கு விலையாகக் கொஞ்சம் சூட்டை இழப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏரிப்புதியவன்
சொன்னபடி உடுத்தி இறங்கினேன். கவட்டை ஒட்டிவிட்டது. தோள் கடுப்பு பெருமளவு குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. முதுகில் நீர் ஓடுவது அப்படியே இருக்கிறது.

திறந்தநீர்
அப்படியானால் மிச்சமுள்ள கடுப்பு 3 மி.மீ. கையால் வருவது. முதுகுக் குளிருக்கு அளவுதான் காரணம். அந்த உடை உங்களைவிடப் பருத்த உடலுக்கு வெட்டியது. முதுகுக் குழிவில் இருக்கும் பை, நீங்கள் உடலைத் திருப்பும்போது சுருங்கி விரிந்து, கழுத்து வழியாக நீரை உறிஞ்சுகிறது. இன்னும் தடித்த ரப்பர் வாங்கினாலும் அந்தப் பை அங்கேயேதான் இருக்கும்.

புதிதாக எடுக்கும்போது உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். 172-க்கு 64 கிலோ மெலிந்த உடல்வாகு. எடையும் மார்புச் சுற்றளவும் எந்த அளவில் விழுகின்றனவோ அதிலிருந்து தொடங்குங்கள். காலோ கையோ சற்றுக் குட்டையாக இருந்தால் கெடுதலில்லை. உடல்பகுதி குட்டையாக இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். கையைத் தூக்கும்போது காலர் தொண்டையை இழுத்து அழுத்தும். கரையில் அசௌகரியமான இறுக்கம், ஆனால் முழு மூச்சு இழுக்க முடிகிறது என்றால் அதுதான் சரியான உடை. தண்ணீரில் அது தளரும். கரையிலேயே சுகமாக இருப்பது பெரும்பாலும் பெரிய அளவு.

ஆழ்கடல்
தண்ணீர் அசையக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலர் தொண்டையை நெருக்கினால் புதியவர்கள் பதறிப்போவார்கள். நானாக இருந்தால் கழுத்தை மட்டும் சற்றுத் தளர்வாக விடுவேன்.

திறந்தநீர்
உங்கள் பயம் நியாயமானது. இறுகிய காலரால் மூச்சு முட்டுவதாகத் தோன்றிப் பலர் நடுநீரில் திணறுகிறார்கள். ஆனால் தளர்ந்த காலர்தான் நீருக்கு வாசல். ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிடிப்பு என்பது என் கணக்கு. இதில் ஒவ்வொருவருக்கும் சற்று வேறுபடும்.

எந்த உடையும் முதல் சில நிமிடங்களின் மூச்சிரைப்பை முற்றிலும் தடுக்காது. இடுப்பளவு நீரில் நின்று, காலரை விரித்துச் சிறிது நீரை உள்ளே விடுங்கள். பிறகு உள்ளங்கையால் உடலை அழுத்தி, மிஞ்சிய நீரையும் காற்றையும் வெளியேற்றுங்கள். மூச்சு சீரான பிறகே முகத்தை நனையுங்கள். துணைக்கு ஒருவர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

கரையோரம்
அந்தக் காலர் என் கழுத்தில் உரசிப் புண்ணாக்குகிறது. வாசலின் தடவலாமா?

திறந்தநீர்
பெட்ரோலியம் கலந்தது நியோப்ரீனைக் காலப்போக்கில் கெடுக்கும். வெட்சூட்டுக்குப் பாதகமில்லை என்று அட்டையில் எழுதியிருக்கும் மசகுக் குச்சி கிடைக்கும். உடுத்துவதற்கு முன் பின்கழுத்தில் தடவுங்கள். உப்புநீரில் உரசல் அதிகம் என்பதால் நீண்ட நேரம் நீந்தினால் பாதியில் மீண்டும் தடவ வேண்டியிருக்கும்.

ஏரிப்புதியவன்
ஒரு அளவு சிறிய நீச்சல் உடையை வாடகைக்கு எடுத்து, அதே ஏரியில் முயன்று பார்க்கப் போகிறேன். உடல் 4 மி.மீ., கை 2 மி.மீ. மெலிதாகப் போனால் குளிருமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

திறந்தநீர்
நியோப்ரீன் தொப்பியையும் சேர்த்து எடுங்கள். கரைக்கு அருகிலேயே நீந்துங்கள். விரல்களைச் சேர்த்து வைக்க முடியாமல் விரிந்துகொண்டால் உடனே வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகும் உடல் சிறிது நேரம் குளிர்ந்துகொண்டே போகும். உலர்ந்த துணிகளை உடுத்தும் வரிசையில் கரையிலேயே அடுக்கி வைத்துவிட்டு இறங்குங்கள்.