முடிந்துபோன வேலை விளம்பரத்தை அழிப்பதா, வைத்திருப்பதா?

தொடுவானம்:
ஒரே ஒரு துறைக்கு மட்டும் வேலைவாய்ப்புத் தளம் தொடங்குகிறீர்களா? நிறுவனங்களின் தளங்களில் கிடக்கும் விளம்பரங்களை எடுத்துப் போட்டு நிரப்புங்கள். பழையது எதையும் அழிக்காதீர்கள். பக்கம் கூடக் கூட கூகிளில் ஆள் வரும், ஆள் வந்தால் கட்டண விளம்பரம் தானாக வரும்.

பழங்கணக்கு:
"தானாக வரும்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். காற்றாலைப் பராமரிப்பு ஆட்களுக்கென்று ஒரு தளம் நடத்துகிறேன், கட்டண விளம்பரத்தில்தான் அது ஓடுகிறது. எடுத்துப் போட்டு நிரப்புவதில் எனக்குச் சண்டை இல்லை. காலியாகக் கிடக்கும் தளத்தில் எவரும் காசு கொடுத்து விளம்பரம் போட மாட்டார்கள். ஆனால் "பழையது எதையும் அழிக்காதீர்கள்" என்று ஊருக்கு உபதேசம் செய்கிறீர்களே, அதுதான் வில்லங்கம். கூகிளின் வேலைத் தேடலில் வருவதற்காக ஒவ்வொரு விளம்பரத்திலும் JobPosting குறிமுறை வைக்கிறோம். ஆள் எடுத்து முடித்த வேலை அந்தக் குறிமுறையோடு அப்படியே இருந்தால் அது கூகிள் விதிமீறல். தண்டனை விழுந்தால் காசு கொடுத்தவரின் விளம்பரமும் சேர்ந்து காணாமல் போகலாம். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

தொடுவானம்:
எனக்கு எந்தத் தண்டனையும் வரவில்லையே. பழைய பக்கங்கள் வழியாகத்தான் எனக்குப் பாதிப் பேர் வருகிறார்கள். உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அழிக்கத்தான் தோன்றும்.

கரிசல்:
இருவரும் வீணாக அடித்துக்கொள்கிறீர்கள். அழிக்கவே வேண்டாம், முடியும் தேதியைச் சரியாகப் போட்டால் போதும். தேதி தாண்டியதும் கூகிளே எடுத்துவிடும்.

```json
"@type": "JobPosting",
"datePosted": "2025-03-01",
"validThrough": "2025-03-31T23:59"
```

பழங்கணக்கு:
கரிசல் சொல்வது பாதி சரி. காசு கொடுத்து 30 நாளுக்குப் போட்ட விளம்பரத்துக்கு இது பொருந்தும், தேதி நம் கையில் இருக்கிறது. எடுத்துப் போட்ட விளம்பரத்துக்குத் தேதி யார் தந்தது? நீங்களாக 30 நாள் என்று எழுதுகிறீர்கள். நிறுவனம் ஒன்பதாம் நாளே ஆள் எடுத்து மூடிவிடுகிறது. மீதி 21 நாளும் உங்கள் தளத்தில் இருப்பது பொய்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். மூல இணைப்பைத் தினமும் ஒரு நிரல் தட்டிப் பார்க்கும், பக்கம் இல்லை என்று 404 வந்தால் எடுத்துவிடும் என்றுதான் எல்லோரும் எழுதி வைப்பார்கள். பல நிறுவனத் தளங்கள் 404 தருவதே இல்லை. வேலை மூடியதும் பேசாமல் தங்கள் முகப்புக்குத் திருப்பிவிடும், இல்லையென்றால் "இந்தப் பணியிடம் நிரம்பிவிட்டது" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு, பக்கம் நன்றாக இருக்கிறது என்று 200 தரும். உங்கள் நிரல் 200 பார்த்து வேலை உயிரோடு இருக்கிறது என்று நம்பும். கடைசியாகப் போய்ச் சேர்ந்த முகவரி மாறியிருக்கிறதா, வேலையின் தலைப்பு அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இரக்கம் பார்க்காமல் எடுக்க வேண்டும். இதைச் செய்யாதவர் அழிக்காதே என்று அறிவுரை சொல்லக் கூடாது.

தேன்மொழி:
நான் பியானோ சுருதி சேர்ப்பவர்களுக்கான விவரப் பட்டியல் நடத்துகிறேன், ஆண்டுக் கட்டணம். புதுப்பிக்காதவர்களை அழிக்கச் சொல்கிறீர்களா? அழித்தால் தேடி வருபவர்களுக்குப் பட்டியலே மெலிந்துவிடுமே. நான் அவர்கள் பெயரை மட்டும் வைத்துவிட்டு, படம், தொலைபேசி எண், இணைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன்.

பழங்கணக்கு:
அம்மா, இங்கே பேசுவது வேலை விளம்பரம். சுருதி சேர்ப்பவர் சந்தா முடிந்தாலும் தொழிலில்தான் இருக்கிறார். முடிந்த வேலை இல்லாத வேலை. உங்கள் முறை உங்களுக்குச் சரி. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் இணைப்புகளில் rel="sponsored" இருக்கிறதா என்று பாருங்கள். 2019இலிருந்து கூகிள் கேட்கிறது.

தேன்மொழி:
இருக்கிறது. அம்மா என்று கூப்பிடும் வயதும் எனக்கில்லை.

தொடுவானம்:
பார்த்தீர்களா, யார் வந்தாலும் பாடம் நடத்துகிறார். பட்டியல் வைத்திருப்பவர் பெயரைக் காப்பாற்றலாம், நான் பக்கத்தைக் காப்பாற்றினால் மட்டும் குற்றம். சரி, குறிமுறையை எடுத்துவிட்டுப் பக்கத்தை மட்டும் வைத்தால் என்ன செய்வீர்கள்?

கரிசல்:
அதை விதியே அனுமதிக்கிறது. தேதியைக் கடந்ததாக்கலாம், குறிமுறையை எடுக்கலாம், இல்லை பக்கத்தை 404, 410 ஆக்கலாம். மூன்றில் ஏதாவது ஒன்று.

பழங்கணக்கு:
அனுமதிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொடுவானம் முதலில் எழுதியது அது இல்லை, "எதையும் அழிக்காதீர்கள்" என்பது. இப்போது நைசாகக் குறிமுறையை மட்டும் எடுப்பேன் என்கிறார். சரி, எடுங்கள். அந்தப் பக்கத்துக்கு வேலை தேடி வருபவர் "முடிந்துவிட்டது" என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அப்படி இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை வர மாட்டார். விளம்பரதாரர் கட்டணம் தருவது வேலைக்குத் தகுதியான ஆள் வருவதற்கு. செத்த பக்கத்துக்கு வரும் கூட்டத்தை வைத்து அவருக்கு என்ன பயன்?

தொடுவானம்:
என் விளம்பரதாரர்களுக்கு மாதக் கடைசியில் கணக்கு அனுப்புகிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விண்ணப்பப் பொத்தானை அழுத்தினார்கள் என்று. அவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்.

பழங்கணக்கு:
அந்தப் பொத்தான் `/go/` மாதிரி ஒரு திருப்பி விடும் இணைப்புதானே? அதை எண்ணுகிறீர்களா?

தொடுவானம்:
ஆமாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழங்கணக்கு:
அதனால்தான் எல்லோருக்கும் மறுமுறை விளம்பரம் கிடைப்பதில்லை. சாதாரண இணைப்பைத் தேடுபொறி ரோபோக்களும் தொடரும், திருட்டு ரோபோக்களும் தொடரும். ஒவ்வொன்றும் ஒரு சொடுக்காக உங்கள் கணக்கில் ஏறும். நீங்கள் 60 பேர் அழுத்தினார்கள் என்று அனுப்புவீர்கள், விளம்பரம் போட்டவர் தன் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தால் விண்ணப்பம் நாலு இருக்கும். வாய்விட்டுக் கேட்க மாட்டார், அடுத்த முறை பேசாமல் இருந்துவிடுவார். பொத்தானைப் படிவமாக்கி POST வழியாக அனுப்புங்கள், ரோபோக்கள் பெரும்பாலும் அதைத் தொடாது. எண்ணிக்கை சட்டென்று இளைக்கும், அதுதான் உண்மை எண்ணிக்கை. இதே கதைதான் பழைய பக்கத்திலும்: கூட்டம் தெரியும், ஆள் இருக்காது.

கரிசல்:
எங்கே தொடங்கினாலும் பழைய பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

தொடுவானம்:
இவருக்கு என் மேல் பழைய கோபம், வேறொன்றும் இல்லை. முன்பு டொமைன் விவகாரத்தில் நான் சொன்னதுதான் சரியாயிற்று, அதை இன்னும் மறக்கவில்லை.

பழங்கணக்கு:
டொமைனை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் நீங்கள் சொன்னது என்ன, நடந்தது என்ன என்று அந்த இழையிலேயே இருக்கிறது, விரும்புபவர்கள் படிக்கட்டும்.

தொடுவானம்:
படிக்கட்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாதிரி பெரிய தளமே 2022இல் வேலைப் பகுதியை மூடிவிட்டது. அவர்களுக்கும் அழிக்கத் தெரியாமல் போய்விட்டதா?

பழங்கணக்கு:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் தளத்தில் இன்று இருக்கும் வேலைகளில் எத்தனைக்கு மூலப் பக்கம் உயிரோடு இருக்கிறது? எண்ணிச் சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

தேன்மொழி:
விளம்பரதாரரே ஆள் கிடைத்ததைச் சொல்லாமல் இருந்துவிட்டால் கட்டண விளம்பரத்திலும் அதே பிரச்சினைதானே? அதற்கு என்ன செய்கிறீர்கள்?

பழங்கணக்கு:
பாதி நாள் கழிந்ததும் ஒரு அஞ்சல் போகும், "ஆள் கிடைத்துவிட்டதா" என்று, ஒரே சொடுக்கில் மூடும் இணைப்போடு. மீதி நாளை அடுத்த விளம்பரத்தில் சேர்த்துத் தருகிறேன், அதனால் மூடுகிறார்கள். தொடுவானம், எண்ணிக்கை?

தொடுவானம்:
உங்களுக்குக் கணக்குக் காட்ட நான் உங்கள் ஊழியன் இல்லை. பக்கங்கள் இருக்கும்.

பழங்கணக்கு:
எண்ணவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

கரிசல்:
அந்த மீதி நாள் விஷயம்: பாதியிலேயே மூடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் தருவீர்களா? அதைச் சொல்லாமல் போகாதீர்கள்.

பழங்கணக்கு:
முதலில் அவர் எண்ணட்டும்.