போட்டோ எடுத்த பக்கத்தில் 1/4, 1/8 ஒத்துவரவில்லை. நான் பிழையா, புத்தகம் பிழையா?

திருக்கோவில்_பொடியன்
வந்தாறுமூலையில் முதலாம் வருடம் படிக்கிறேன். விரிவுரை ஆங்கிலத்தில் என்பதால் தலைக்குள் ஏறவில்லை, அதனால் நூலகத்தில் ஒரு பழைய தமிழ் நிகழ்தகவுப் புத்தகத்தைப் பார்த்தேன். இரவல் தர மாட்டார்களாம், அதனால் போனில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தடித்த புத்தகம், மடிப்புப் பக்கம் நிழல் விழுந்து வலது ஓரத்தில் எழுத்து மங்கலாக இருக்கிறது.

உதாரணம் இதுதான். இரண்டு நாணயங்களைச் சுண்டுகிறோம். A முதலாவதில் தலை, B இரண்டாவதில் தலை, C இரண்டிலும் ஒரே பக்கம். மூன்று சோடிகளும் சாராதவை என்று காட்டிவிட்டுக் கடைசி வரி போட்டோவில் இப்படித் தெரிகிறது:

P(A∩B∩C) = P(A)P(B)P(C), ஆகவே A, B, C மூன்றும் சாராதவை

நான் கணக்குப் பார்த்தால் இடப்பக்கம் 1/4 வருகிறது, வலப்பக்கம் 1/8. மூன்று முறை செய்துவிட்டேன். இன்னொன்று, A உம் B உம் தெரிந்தால் C ஐக் கேட்கவே தேவையில்லை, அப்படியிருக்க A உம் C உம் சாராதவை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

வாவிக்கரை
தம்பி, 1/4 இல்தான் பிழை இருக்கும். C ஆனது A ஐச் சாரவில்லை, B ஐயும் சாரவில்லை என்றால் இரண்டும் சேர்ந்ததையும் சாராதுதானே. சோடிகள் சரிவந்தால் மூன்றும் தானாகச் சரிவரும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் போட்டோவின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்பது உண்மை, அதை ஒருக்கால் பார்.

கல்முனை_கணக்கு
பிழை 1/4 இல் இல்லை, வாவிக்கரை சொன்ன அந்த "தானாக" என்ற சொல்லில் இருக்கிறது. நான்கே நான்கு முடிவுகள்தான், எழுதிப் பாருங்கள்: தலை-தலை, தலை-மற்றது, மற்றது-தலை, மற்றது-மற்றது. ஒவ்வொன்றும் 1/4. A இல் இரண்டு முடிவுகள், B இல் இரண்டு, C இல் இரண்டு, ஆக மூன்றுக்கும் 1/2. இனி எந்தச் சோடியை எடுத்தாலும் பொதுவாக இருப்பது தலை-தலை ஒன்றுதான், 1/4. அது 1/2 × 1/2, சரி. மூன்றுக்கும் பொதுவாக இருப்பதும் அதே தலை-தலைதான், எனவே அதுவும் 1/4. அது 1/8 ஆகாது.

தம்பியின் இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. முதல் நாணயத்தில் தலை விழுந்தது என்று மட்டும் நான் உங்களுக்குச் சொல்கிறேன், இரண்டாவதைக் கையால் மூடி வைத்திருக்கிறேன். இப்போது C நடந்திருக்க என்ன வாய்ப்பு? பாதிக்குப் பாதி. நான் சொல்வதற்கு முன்னும் அதேதான். ஆகவே A தெரிந்ததால் C பற்றி உங்களுக்கு ஒரு சதத்துக்கும் புதிதாகத் தெரியவரவில்லை. B மட்டும் தெரிந்தாலும் அப்படியே. இரண்டும் தெரிந்த அந்தக் கணத்தில்தான் C இன் நிகழ்தகவு 1/2 இலிருந்து 1 க்குத் தாவுகிறது. தனித்தனியே பார்த்தால் ஒன்றுமே சொல்லாத இரண்டு செய்திகள் சேர்ந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், புத்தகம் இந்த உதாரணத்தைப் போட்டதே அதற்காகத்தான்.

எனவே கடைசி வரியை நீங்கள் வாசித்தபடி அச்சடித்திருக்க நியாயமில்லை. சமன் குறியின் மேல் ஒரு கோடு இருக்க வேண்டும், "சாராதவை" க்குப் பிறகு ஒரு "அல்ல" இருக்க வேண்டும். அந்த "அல்ல" மடிப்புக்குள் போயிருந்தால் வசனம் அப்படியே தலைகீழாகிவிடும், தமிழில் வினை கடைசியில் வருவதன் வினை அது.

வாவிக்கரை
சரி சேர், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மூன்றையும் பெருக்கிப் பார்க்கும் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் போதும், சோடிகளை விட்டுவிடலாம், அப்படித்தானே?

கல்முனை_கணக்கு
அதுவும் இல்லை. இரண்டு தாயக்கட்டைகளை உருட்டுங்கள். A முதற்கட்டையில் 1, 2, 3 இல் ஒன்று. B முதற்கட்டையில் 3, 4, 5 இல் ஒன்று. C கூட்டுத்தொகை 9. மூன்றும் சேர்ந்து நடக்க (3, 6) ஒன்றே வழி, 1/36. பெருக்கம் 1/2 × 1/2 × 1/9, அதுவும் 1/36. அழகாக ஒத்துவருகிறது. ஆனால் A உம் B உம் சேர முதற்கட்டை 3 ஆக வேண்டும், அது 1/6, நமக்கு வேண்டியதோ 1/4. ஆகவே மூன்று நிகழ்ச்சிகளுக்கு நான்கு சமன்பாடுகளையும் பார்த்தே ஆக வேண்டும், எதிலிருந்தும் எது இலவசமாக வராது.

இறால்_பண்ணை
இது என் கதை போலவே இருக்கிறது. வாவி ஓரத்தில் குளம், காற்றடிக்க மூன்று மோட்டார்கள். ஒரு இரவில் ஒரு மோட்டார் நிற்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால் மூன்றும் நிற்பது பத்து இலட்சத்தில் ஒன்று என்று கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன். போன மாரியில் கரண்ட் போய் மூன்றும் ஒன்றாக நின்றன. இதுதானே நீங்கள் சொல்வது?

கல்முனை_கணக்கு
இல்லை நானா, உங்கள் இடத்தில் சோடிகளே விழுந்துவிட்டன. கரண்ட் போனால் ஒன்று நின்றவுடன் மற்றதும் நிற்கும், இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தாலே சார்பு தெரியும். இழையில் பேசுவது இதைவிடக் கள்ளமான ஒன்று: எந்த இரண்டை எடுத்தாலும் சந்தேகமே வராது, மூன்றாவது வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆனால் உங்கள் எண்களை வைத்தே ஒன்று சொல்லலாம். சோடிகள் மட்டும் சாராதவை என்று தெரிந்தால், இரண்டு மோட்டார்கள் சேர்ந்து நிற்பது 1/10000. மூன்றும் நிற்பது அதைத் தாண்டாது, ஆனால் அதுவரை போகலாம். பத்து இலட்சத்தில் ஒன்று என்று நீங்கள் நினைத்தது பத்தாயிரத்தில் ஒன்றாக இருக்கலாம், அதாவது நூறு மடங்கு.

அக்கரைப்பற்று_அக்கா
ஒன்றைச் சேர்க்கிறேன். நாணயம் நேர்மையாக இருக்கும்வரைதான் அந்த உதாரணம் ஓடும். தலை விழ 0.6 என்று வையுங்கள்: P(C) = 0.36 + 0.16 = 0.52, P(A∩C) = 0.36, பெருக்கமோ 0.312. சோடியே உடைந்துவிட்டது. 1/2 தவிர வேறு எங்கும் நிற்காது, எப்போதும் ஒரே பக்கமே விழும் நாணயத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால். மாணவர்கள் "சமவாய்ப்பு" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம், "தம்முள் புறநீங்கும்" என்பதோடு இதைக் குழப்பாதே தம்பி. இங்கே மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஒன்று மற்றதை விலக்கவில்லை.

திருக்கோவில்_பொடியன்
பரீட்சையில் "மூன்றும் சாராதவை அல்ல எனக் காட்டுக" என்று வந்தால் சோடிகளையும் எழுத வேண்டுமா?

வாவிக்கரை
எங்கள் காலத்தில் எழுதாவிட்டால் புள்ளி வெட்டினார்கள்.

அக்கரைப்பற்று_அக்கா
ஒரு சமன்பாடு உடைந்ததைக் காட்டினாலே போதும். புள்ளி போடுகிறவர் என்ன எதிர்பார்க்கிறாரோ, அதை உங்கள் விரிவுரையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

திருக்கோவில்_பொடியன்
இன்று நூலகத்துக்குப் போய், புத்தகத்தை நன்றாக விரித்துப் பிடித்து மறுபடி எடுத்தேன். "அல்ல" மடிப்புக்குள்ளேயே இருந்தது, அது அச்சுத்தான். சமன் குறிக்கு மேலே கோடும் இருக்கிறது. ஆனால் அது கொஞ்சம் சாய்ந்து, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அச்சா, எனக்கு முன்னால் யாரோ பென்சிலால் போட்டதா என்று தெரியவில்லை. அழித்துப் பார்க்க மனம் வரவில்லை.