முழு பலத்தோடு ஊதினாலும் காற்றோட்டம் ஒரு அளவுக்கு மேல் ஏன் கூடவில்லை?

நித்யா: மூச்சுக் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் ஒரு தடவை சுமாராகவும், ஒரு தடவை முழு பலத்தோடும் ஊதினேன். வெளியேறிய காற்றின் அளவுக்கு எதிரே ஓட்டத்தைக் காட்டும் வளைவில் உச்சி மட்டும்தான் உயர்ந்தது. இறங்கும் கோடு இரண்டிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. கருவியில் கோளாறா? அழுத்தம் கூடினால் ஓட்டமும் கூடத்தானே வேண்டும்?

கார்த்தி: கருவி சரிதான். பலமாக ஊதும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி மூச்சுக்குழாயை நசுக்கி மூடிவிடுகிறது.

மூத்தவர்: நசுங்குவது உண்மை, மூடுவதில்லை. மூடியிருந்தால் கோடு சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்திருக்கும்.

எண்ணோடு பாருங்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள அழுத்தம் 20 செ.மீ. நீர், நுரையீரல் தானாகச் சுருங்கப் பார்க்கும் மீள்விசை 10 என்று வையுங்கள். காற்றறைக்குள் 30. வாயில் 0. ஆக, வழியில் எங்கோ ஓரிடத்தில் குழாய்க்குள்ளும் 20, வெளியேயும் 20. அதுதான் சமஅழுத்தப் புள்ளி. அதைத் தாண்டினால் வெளி அழுத்தம் ஓங்கிவிடும், குழாய் நெரியும்.

இப்போது இன்னும் பலமாக ஊதுங்கள். வெளியே 40, காற்றறையில் 50. காற்றறையிலிருந்து புதிய சமஅழுத்தப் புள்ளி வரை இறங்குவது மறுபடியும் அதே 10தான். நீங்கள் கூட்டிய 20 இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏறியதால், அந்தப் பகுதியில் ஓட்டத்தைத் தள்ளுவது மீள்விசை மட்டுமே. மிச்ச அழுத்தமெல்லாம் நெரிந்த பகுதியைக் கடப்பதில் செலவாகிறது. காற்று குறையக் குறைய மீள்விசையும் குறையும், அதனால்தான் கோடு சரிகிறது.

நித்யா: சரி, அப்படியென்றால் உச்சி மட்டும் ஏன் உயர்ந்தது?

மூத்தவர்: நுரையீரல் நிறைந்திருக்கும்போது மீள்விசை அதிகம், குழாய்களும் நன்றாக விரிந்திருக்கும். வரம்பு அவ்வளவு உயரத்தில் இருப்பதால், அதை எட்டும் வரை உங்கள் பலம் எடுபடுகிறது.

செல்வி: என் அப்பாவுக்கு எம்ஃபிசிமா, காற்றறைச் சுவர்கள் சிதையும் நோய். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்கிறார்கள். வேகமாக ஊதினால் சீக்கிரம் காலியாகாதா?

மூத்தவர்: ஆகாது அம்மா. எம்ஃபிசிமாவில் மீள்விசை 4 ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்த 4 சீக்கிரமே தீர்ந்து, சமஅழுத்தப் புள்ளி குருத்தெலும்பு இல்லாத சிறு குழாய்களுக்குள் வந்துவிடும். அங்கே நெரிந்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மெதுவாக ஊதினால் வழியில் அழுத்தம் மெல்ல இறங்கும், அந்தப் புள்ளியும் வாய்ப் பக்கமாக நகரும்.

ராகவன்: ஒன்று சொல்ல வேண்டும். உண்மையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் இடம் சமஅழுத்தப் புள்ளியே அல்ல, அதற்குக் கொஞ்சம் வாய்ப் பக்கமாக இருக்கிறது. குழாய்ச் சுவரில் அழுத்த அலை பரவும் வேகத்தைக் காற்று எட்டும் இடம் அது. டாசன், எலியட் என்ற ஆய்வாளர்கள் 1977இல் காட்டியது.

மூத்தவர்: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நித்யாவின் இரண்டு கோடுகளுக்கு மீள்விசைக் கணக்கே போதும். மூச்சின் கடைசிப் பகுதியில் அலைவேகமா, சிறு குழாய்களின் உராய்வா, எது முந்துகிறது?

ராகவன்: அங்கே உராய்வு என்றுதான் சொல்வேன். நுரையீரலில் எவ்வளவு காற்று இருக்கும்போது ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.