'கிளிட்ச்லெஸ்' பிரிவுக்கு விதி எழுத உதவி தேவை

வணக்கம். நண்பர்கள் சிலர் விளையாடும் ஒரு சிறிய முப்பரிமாண விளையாட்டுக்கு ஸ்பீட்ரன் விதிகள், அதாவது அதை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் போட்டிக்கான விதிகள், எழுதிக்கொண்டிருக்கிறேன். எனி பர்சன்ட் பிரிவு எளிதாக முடிந்தது: எந்த வழியிலாவது இறுதிக் காட்சியை எட்டினால் போதும். விளையாட்டின் நிரல் பிழைகளைப் பயன்படுத்தாமல் முடிக்க வேண்டிய கிளிட்ச்லெஸ்தான் இழுபறியாக இருக்கிறது. "உருவாக்கியவர்கள் நினைக்காத எதையும் செய்யக் கூடாது" என்று எழுதினால், அவர்கள் நினைத்தது என்ன என்பதிலேயே சண்டை வருகிறது.

சூப்பர் மரியோ 64-ஐப் பார்த்தேன். அதில் மரியோ பின்னோக்கி நீளத் தாவும்போது வேகத்துக்கு உச்சவரம்பே இல்லை. அதனால் 70 நட்சத்திரம் கேட்கும் முடிவில்லாப் படிக்கட்டையும் நட்சத்திரமின்றிக் கடக்கலாம். 70 நட்சத்திரப் பிரிவில் இந்தத் தாவலுக்குத் தடை; 120 நட்சத்திரப் பிரிவில் அனுமதி. முதலில் முரணாகத் தோன்றியது. ஆனால் 120-இல் எல்லா நட்சத்திரங்களையும் எப்படியும் எடுத்தாக வேண்டும். தாவல் வரிசையை மாற்றித் தருமே தவிர, ஆட்டத்தை விழுங்காது. 70-இலோ அனுமதித்தால் பிரிவுக்கே பொருளில்லை. நோக்கத்தைத் தேடாமல் ஒரு குறிப்பிட்ட செயலுக்குப் பெயர் சொல்லித் தடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காணொளியிலும் அது கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் சிக்கல்: எதிரியிடம் அடிவாங்கி, அந்த உந்துதலில் பள்ளத்தைத் தாண்டலாம். சுவர் மூலையில் உரசினால் சில நேரம் பாத்திரம் தானாகவே சுவருக்குள் நுழைந்துவிடுகிறது. முதலாவதை அனுமதிக்க நினைக்கிறேன். இரண்டாவது தற்செயலாக நடந்தால் ஓட்டத்தையே நிராகரிப்பீர்களா, வெளியே வந்து தொடரச் சொல்வீர்களா? இப்படி விதி எழுதியவர்கள் வாசகத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.