திரவத்துளிச் சூத்திரத்தின் நான்காம் உறுப்பு: ‘சமச்சீரின்மை’ என்ற பெயர் பொருந்துமா?

கொக்குவில் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கருப் பௌதிகவியலுக்குத் தமிழில் குறிப்புகள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். உயர்தரத்தைத் தமிழில் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு தடவையாவது விஷயத்தைத் தமிழில் விளங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் எண்ணம். இப்போது கருவை ஒரு திரவத்துளியாக வைத்து, அதன் பிணைப்புச் சக்திக்கு வைசேக்கர் 1935 இல் எழுதிய சூத்திரத்துக்கு வந்திருக்கிறேன்.

```
B = 15.75 A − 17.8 A^(2/3) − 0.711 Z(Z−1)/A^(1/3) − 23.7 (N−Z)²/A ± 11.18/A^(1/2)
```

Z புரோத்தன் எண்ணிக்கை, N நியூத்திரன் எண்ணிக்கை, A இரண்டும் சேர்ந்த மொத்தம். விடை மெகா இலத்திரன் வோல்ற்றில் வரும், சுருக்கமாக எம்.ஈ.வி. என்று எழுதுகிறேன். முதல் மூன்று உறுப்புகளிலும் சிக்கல் இல்லை. ஒவ்வொரு துணிக்கையும் பக்கத்தில் இருப்பவற்றை மட்டுமே பிடித்துக்கொள்வதால் மொத்தச் சக்தி எண்ணிக்கையோடு ஏறுகிறது. அது கனவளவு உறுப்பு. விளிம்பில் இருப்பவற்றுக்கு அயலவர் குறைவு, அதனால் அங்கே கொஞ்சம் கழிக்க வேண்டும். அது மேற்பரப்பு உறுப்பு. புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளுவது கூலோம் உறுப்பு. கடைசியில் வருவதை Z உம் N உம் இரட்டையானால் கூட்ட வேண்டும், இரண்டும் ஒற்றையானால் கழிக்க வேண்டும், ஒன்று மட்டும் ஒற்றையானால் விட்டுவிட வேண்டும். அதைச் சோடி உறுப்பு என்று வைத்திருக்கிறேன்.

நான்காவதில்தான் நிற்கிறேன். ‘அசிமெற்றி’ என்பதைச் ‘சமச்சீரின்மை’ என்று எழுதியிருந்தேன். ஈயம்-208 இல் அந்த உறுப்பு ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டதற்கு, “துளி நீண்டு சமச்சீர் இழந்திருப்பதால்” என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. உண்மையில் ஈயம்-208 கோளத்துக்கு மிகக் கிட்டிய ஒரு கரு. பிள்ளையில் பிழை சொல்ல மனம் வரவில்லை. ‘துளி’ என்றும் ‘சமச்சீர்’ என்றும் அடுத்தடுத்துச் சொன்னால் எவரும் உருவத்தைத்தானே நினைப்பார்கள்? வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

மதுரையிலிருந்து:

வணக்கம் மேடம். நாங்கள் வகுப்பில் ‘சமச்சீரின்மை’ என்றுதான் சொல்கிறோம், பழகிவிட்டது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் காரணத்தையே பெயராக வைத்துவிடலாம். இந்த உறுப்பு முழுக்க பவுலி தவிர்ப்புத் தத்துவத்தால் வருவது. ஓர் ஆற்றல் மட்டத்தில் ஒரே வகைத் துகள் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது. நியூட்ரான்கள் கூடினால் மேலே மேலே போய்த்தான் உட்கார வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். ஆகவே ‘பவுலி உறுப்பு’. சின்னதாகவும் இருக்கிறது. கூலோம் பெயரில் ஓர் உறுப்பு இருக்கும்போது பவுலி பெயரில் இருந்தால் என்ன?

வவுனியாவிலிருந்து:

நான் பொறியியல்காரன், பௌதிகம் படித்துக் கனகாலம். ஆனாலும் எனக்கு இந்தச் சொல் தேவைப்படுகிறது. ஒரு பாடசாலைக் கண்காட்சிக்குக் கருப்பிளவு பற்றிய விளக்கப் பலகைகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். யுரேனியம்-235 பிளக்கும்போது இரண்டு துண்டும் சமனாக வருவதில்லை. ஒன்று 95 அளவிலும் மற்றது 140 அளவிலும் வருகிறது. அந்தச் சமச்சீரின்மைக்கு இந்த உறுப்புத்தானே காரணம்? அப்படியென்றால் ‘சமச்சீரற்ற பிளவு உறுப்பு’ என்று வைத்தால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

திருநெல்வேலியிலிருந்து, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

பிள்ளைகளே, ஒரு சொல்லை மூன்று பேர் மூன்று விதமாக எடுத்திருக்கிறீர்கள். அந்த மாணவருக்கு அது உருவம், வவுனியாத் தம்பிக்குத் துண்டுகளின் அளவு, சூத்திரத்துக்கு நியூத்திரன், புரோத்தன் எண்ணிக்கை. ஆசிரியை கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சொல்லைத் தேடுமுன் இந்த உறுப்பு என்ன செய்கிறது என்று ஈயத்திலேயே பார்த்துவிடுவோம்.

ஈயம்-208 இல் புரோத்தன் 82, நியூத்திரன் 126. வித்தியாசம் 44. அதன் வர்க்கத்தை 208 ஆல் வகுத்து 23.7 ஆல் பெருக்கினால் 221 எம்.ஈ.வி. நட்டம். கூலோம் உறுப்பால் இன்னும் 797 போகிறது. கனவளவில் 3276 வரவு, மேற்பரப்பில் 625 செலவு, சோடியால் ஒன்றுக்கும் குறைந்த சிறு வரவு. எல்லாம் சேர்த்தால் 1634. அளந்த பெறுமானம் 1636. இவ்வளவு கிட்ட வருவதை வைத்துச் சூத்திரத்தை மெச்ச வேண்டாம். 15.8, 18.3, 0.714, 23.2 என்ற இன்னொரு குணகத் தொகுதியைப் போட்டால் 1628 அளவில்தான் வரும். 82 உம் 126 உம் மாய எண்கள், அதாவது கருவின் ஓடுகள் முழுதாக நிரம்பும் எண்கள். அதனால் கிடைக்கும் கூடுதல் பிணைப்பைத் துளிக்குச் சொல்லத் தெரியாது.

சரி, இப்போது அதே 208 ஐ 104, 104 என்று சமமாகப் பிரியுங்கள். நான்காவது உறுப்புப் பூச்சியமாகிவிடும், 221 மிச்சம். ஆனால் கூலோம் 797 இலிருந்து 1285 க்கு ஏறும். மொத்தத்தில் 268 எம்.ஈ.வி. இழப்பு. எதிர்ப்பக்கமாக, நான்காவது உறுப்பே இல்லை என்று வையுங்கள். அப்போது புரோத்தன் ஒன்றுகூட இல்லாத, 208 உம் நியூத்திரனாக உள்ள கருதான் மிக உறுதியானது என்று சூத்திரம் சொல்லும். இயற்கையில் அப்படி ஒன்று இல்லை. கூலோம் உறுப்பு நியூத்திரன் பக்கம் தள்ளுகிறது, இது சமநிலைப் பக்கம் இழுக்கிறது. இரண்டும் இணங்கும் இடத்தில் ஈயம் நிற்கிறது. துளியின் உருவத்துக்கு இதில் வேலையே இல்லை. துளி நீண்டால் மாறுவது மேற்பரப்பு உறுப்பும் கூலோம் உறுப்பும்தான். 1939 இல் போரும் வீலரும் பிளவை விளக்கியது அந்த இரண்டையும் வைத்துத்தான்.

மதுரை ஐயா சொன்னது பாதி சரி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிணறு, ஒன்றில் புரோத்தன், மற்றதில் நியூத்திரன், இரண்டிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். ஒன்றில் மேலே இருப்பதை அள்ளி மற்றதில் விட்டால், முதலில் அள்ளியது கொஞ்சமே உயர வேண்டும். அள்ள அள்ள இங்கே மட்டம் இறங்கும், அங்கே ஏறும், ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டிய உயரம் கூடும். வித்தியாசத்தின் வர்க்கம் வருவது இதனால். கரு பெரிதாக ஆக மட்டங்கள் நெருக்கமாகும்; அதனால் A ஆல் வகுக்கிறோம். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் செய்து பார்த்தால் குணகம் 12 அளவில்தான் வரும், அளவீடு கேட்பது 23.7. மற்றப் பாதி கருவிசையிலிருந்து வருகிறது. நியூத்திரனுக்கும் புரோத்தனுக்கும் இடையிலான கவர்ச்சி, ஒரே இனத்துக்குள் உள்ளதைவிடச் சராசரியாக வலியது. ஒரு நியூத்திரனும் ஒரு புரோத்தனும் சேர்ந்த தூத்தெரியக் கரு கட்டுண்டு நிற்கிறது, இரண்டு நியூத்திரன் தனியே சேர்ந்து நிற்பதில்லை. ‘பவுலி உறுப்பு’ என்று பெயர் வைத்தால் அந்தப் பாதியை மறைத்துவிடுவோம்.

வவுனியாவிலிருந்து:

நன்றி சேர். அப்படியென்றால் என் பலகையில் என்ன எழுதுவது? துண்டுகள் சமனில்லாமல் வருவதற்குக் காரணம் என்ன?

திருநெல்வேலியிலிருந்து:

தம்பி, நியூத்திரன் ஒன்றை வாங்கிய யுரேனியம்-236 ஐ இரண்டு சமபாதியாகப் பிளந்து கணக்குப் போடுங்கள். மேற்பரப்புச் செலவு 177 கூடும், கூலோம் செலவு 363 குறையும். மிச்சம் 186 எம்.ஈ.வி. வெளியே வருகிறது. நான்காவது உறுப்பைப் பாருங்கள்: முன்பு 52 இன் வர்க்கத்தை 236 ஆல் வகுத்தோம், இப்போது 26 இன் வர்க்கத்தை 118 ஆல் வகுத்து இரண்டு தடவை கூட்டுகிறோம். இரண்டும் ஒன்றே. துண்டுகளில் நியூத்திரன், புரோத்தன் விகிதம் மாறாதவரை, பிளவில் இந்த உறுப்புக்குப் பங்கே இல்லை. துண்டுகள் சமனில்லாமல் வருவதைத் துளி மாதிரியுருவால் விளக்க முடியாது. அது சமபாதியைத்தான் விரும்பும். காரணம் கருவின் ஓட்டமைப்பு, மாய எண்கள் இருக்கும் பக்கம். பலகையில் அதைத் தனியாக எழுதுங்கள், இந்தச் சூத்திரத்தோடு சேர்க்க வேண்டாம்.

கொக்குவில் ஆசிரியை:

மிக்க நன்றி சேர். கிணற்று விளக்கத்தை அப்படியே குறிப்பில் போட்டுக்கொள்கிறேன். சொல்லுக்கு என் பட்டியல் இது. ‘நியூத்திரன் மிகை உறுப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வர்க்கம் இருப்பதால் புரோத்தன் மிகுந்தாலும் அதே நட்டம்தான். ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது சரியில்லை. ‘சமனின்மை’ என்றால் கணிதத்தில் வரும் ‘சமனிலி’யோடு பிள்ளைகள் குழப்பிவிடுவார்கள். ‘எண்வேறுபாட்டு உறுப்பு’ என்று வைக்கலாமா? எதன் எண் என்பதை அடுத்து வரும் (N−Z) காட்டிக்கொடுக்கும்.

மதுரையிலிருந்து:

பவுலியை விட்டுவிடுகிறேன், அந்தப் பாதிக் கணக்கு எனக்குப் புதிது. ஆனால் ‘எண்வேறுபாடு’ மனதில் ஒட்டவில்லை. எந்த எண்ணுக்கும் அது பொருந்தும். அப்புறம் கடைசி உறுப்பிலும் இரட்டையா ஒற்றையா என்று எண்ணைத்தானே பார்க்கிறோம்? யுரேனியம்-235 மெதுவான நியூட்ரானை வாங்கினால் இரட்டை-இரட்டையாகி 6.5 எம்.ஈ.வி. கிளர்ச்சி கிடைக்கிறது, பிளந்துவிடுகிறது. 238 வாங்கினால் 4.8 தான், போதவில்லை. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு சோடி உறுப்பால் வருவது. மாணவர்கள் இரண்டையும் ‘எண்’ என்று சேர்த்து நினைத்துவிடக்கூடும்.

திருநெல்வேலியிலிருந்து:

மதுரை ஐயா சொல்வதைத் தள்ள முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நியூத்திரன் விண்மீன்களைப் பற்றி எழுதுபவர்கள் இதே குணகத்தோடு தொடர்புள்ள ஒன்றைச் ‘சிமெற்றிச் சக்தி’ என்கிறார்கள். நியூத்திரனும் புரோத்தனும் சமமாக உள்ள பொருளை முழு நியூத்திரனாக்க ஒரு துணிக்கைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதே அது. நாங்கள் இங்கே ‘எண்வேறுபாடு’ என்று வைத்தால் அதற்கும் இதே வேரிலிருந்து ஒரு சொல் வேண்டும். ‘வேறுபாட்டுச் சக்தி’ என்றால் எவருக்கும் ஒன்றும் விளங்காது. நான் ‘இனச்சமமின்மை’ என்று யோசித்தேன். நியூத்திரன் ஓர் இனம், புரோத்தன் ஓர் இனம். அப்போது மற்றதை ‘இனச்சமச் சக்தி’ எனலாம். ஆனால் ‘இனம்’ என்ற சொல்லை எங்கள் ஊரில் பாடக்குறிப்பில் போட்டால் வகுப்பில் கவனம் வேறு எங்கோ போய்விடும் என்றும் தோன்றுகிறது.

கொக்குவில் ஆசிரியை:

ஓம் சேர், ‘இனம்’ வேண்டாம். இந்தப் பதிப்பில் ‘எண்வேறுபாட்டு உறுப்பு’ என்று போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘நியூத்திரன்–புரோத்தன் எண்வேறுபாடு’ என்று முழுதாக எழுதுகிறேன். பிள்ளைகள் வேறு நூல்களில் பார்க்கும்போது தடுமாறாமல் இருக்க, சொல்லடைவில் ‘சமச்சீரின்மை’யும் இருக்கும். விண்மீன் பகுதி அடுத்த தொகுப்பில்தான் வருகிறது. அதற்குள் அந்தச் சக்திக்கு யாராவது ஒரு சொல் சொன்னால், இரண்டையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.