விற்ற 125 யூனிட்டும் அந்த 12,500 ரூபாயும்

பெரம்பூர் சந்துரு: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதலீட்டுக் கூட்டம் நடந்தது. பணத்தைப் பாதி பங்கு ஃபண்டிலும் பாதி தங்கத்திலும் போட்டு, ஆண்டுக்கொரு முறை பழைய விகிதத்துக்குக் கொண்டுவந்தால், ஏறியதை விற்று இறங்கியதை வாங்குவதால் ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதலாக வந்தே தீரும் என்றார் பேச்சாளர். எரிச்சலோடு எழுந்து வந்துவிட்டேன். அப்படி வருமா?

தண்டையார்பேட்டை தணிகாசலம்: பாதியில் எழுந்து வந்தவருக்குப் பாதிதான் புரியும். துறைமுகத்தில் கணக்குப் பிரிவிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள். 1 லட்சம் ரூபாய். 50,000 ஆடும் ஃபண்டில், 50,000 அசையாத ரொக்கமாக. யூனிட் விலை 100, ஆக 500 யூனிட். விலை 200 ஆகிறது. இப்போது உங்களிடம் ஃபண்டில் 1 லட்சம், ரொக்கம் 50,000. 125 யூனிட்டை விற்று இரண்டையும் 75,000 ஆக்குகிறீர்கள். விலை மறுபடி 100-க்கு வருகிறது. மீதி 375 யூனிட்டின் மதிப்பு 37,500, ரொக்கம் 75,000. மொத்தம் 1,12,500. சும்மா வைத்திருந்தவருக்கு அதே 1 லட்சம். விலை கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது. 12,500 எங்கிருந்து வந்தது?

காசிமேடு கண்ணன்: போன ஆண்டு ஏலச்சீட்டு இழையிலும் இப்படித்தான் ஒரு கணக்குப் போட்டீர்கள் ஐயா. அதில் தள்ளுக்கழிவை மறந்துவிட்டீர்கள். இதில் எதை மறந்தீர்களோ.

தணிகாசலம்: சீட்டை இங்கே இழுக்காதே தம்பி. 12,500 எங்கிருந்து வந்தது, அதைச் சொல்.

திருவொற்றியூர் ரேவதி: நான் சொல்கிறேன் சார். 200-க்கு விற்ற 125 யூனிட்டை 100-க்குத் திரும்ப வாங்க முடிகிறது. யூனிட்டுக்கு 100 ரூபாய் மிச்சம், அவ்வளவுதான். விலை திரும்பி வந்ததால் வந்த பணம் அது. திரும்பி வராவிட்டால்? 200-லிருந்து 400-க்குப் போயிருந்தால் சும்மா இருந்தவரிடம் 2,50,000, உங்களிடம் 2,25,000. சரி, முதலிலேயே 50-க்கு இறங்கியது என்று வையுங்கள். 12,500 ரூபாய் ரொக்கத்தை எடுத்து இன்னும் 250 யூனிட் வாங்குவீர்கள். அது 25-க்குப் போனால் உங்களிடம் 56,250, சும்மா இருந்தவரிடம் 62,500. முதலில் இறங்கிப் பிறகு ஏறினால் மறுபடி உங்களுக்கு 12,500 கூடுதல். ஆக நான்கு வழியில் இரண்டில் நீங்கள் முன்னே, இரண்டில் பின்னே. நான்கையும் கூட்டிச் சராசரி பாருங்கள், சும்மா இருந்தவர்தான் 1,562 ரூபாய் 50 காசு முன்னால் நிற்கிறார்.

தணிகாசலம்: 400-க்கும் 25-க்கும் போகிற ஃபண்டை எங்கே பார்த்தீர்கள் அம்மா? சந்தை ஏறும், இறங்கும், திரும்பி வரும். என் கணக்கில் ஒரு ரூபாய் பிழை காட்டுங்கள்.

ரேவதி: 200-க்குப் போகிற ஃபண்டை நீங்கள் பார்த்த அதே இடத்தில்தான். உங்கள் கூட்டலில் பிழை இல்லை. நான்கில் உங்களுக்குச் சாதகமானதை மட்டும் காட்டினீர்கள் என்கிறேன்.

காசிமேடு கண்ணன்: ஜப்பானில் நிக்கேய் 1989 முடிவில் ஏறிய உச்சத்தை மறுபடி தொட்டது 2024 பிப்ரவரியில். "திரும்பி வரும்" என்று ஐயா சொல்வது சரிதான். பேரன் பேத்தி வந்து வாங்கிக்கொள்வார்கள்.

தணிகாசலம்: மீன் ஏலத்தில் விலை தெரியாதவர்கள் ஜப்பானைப் பற்றிப் பேசுகிறார்கள்.

காசிமேடு கண்ணன்: ஏலத்தைப் பற்றித் தண்டையார்பேட்டைக்காரர் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். விடியற்காலையில் ஒரு நாள் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள், விலை திரும்புமா திரும்பாதா என்று தெரியும்.

மூலக்கடை மும்தாஜ்: தங்கம் ஏறியதும் விற்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வளையலைச் சவுகார்பேட்டையில் ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். கல்லைக் கழித்தார்கள், அரக்கைக் கழித்தார்கள், உரசிப் பார்த்து மாற்று குறைவு என்று இன்னும் கொஞ்சம் கழித்தார்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம் எதுவும் திரும்பவில்லை. உங்கள் 12,500 எல்லாம் அந்தத் தராசிலேயே போய்விடும்.

ரேவதி: அக்கா, நகையில் இந்த வேலையே கூடாது. பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்டான கோல்டு ஈ.டி.எஃப்-ஐத்தான் இவர்கள் சொல்கிறார்கள். ஆனால் கழிவைப் பற்றி நீங்கள் சொன்னது இங்கும் பொருந்தும். தணிகாசலம் சார் 200-க்கு விற்ற 125 யூனிட்டில் லாபம் 12,500. பங்கு ஃபண்டை வாங்கி ஓராண்டுக்குள் விற்றிருந்தால் இன்றைய விதிப்படி வரி 20 சதவீதம், 2,500 போகும். பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணம் 1 சதவீதமும் உண்டு.

தணிகாசலம்: ஓராண்டு தாண்டினால்? 1,25,000 வரை நீண்டகால லாபத்துக்கு வரியே இல்லை. அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 12,500 முழுதாக நிற்கும்.

ரேவதி: வேறு லாபம் எதுவும் இல்லாமல், தொகையும் சிறிதாக இருந்தால் நிற்கும். 30 லட்சம் போட்டவர் 1,25,000-ஐ ஒரே விற்பனையில் தாண்டிவிடலாம்; அதற்கு மேல் 12.5 சதவீதம். மாதச் சம்பளக்காரர் விற்கவே வேண்டாம். புதிதாகப் போடும் பணத்தைப் பின்தங்கியதில் போட்டாலே விகிதம் மெல்லச் சரியாகும். வரி இல்லை, கட்டணம் இல்லை.

தணிகாசலம்: ஏறியதை விற்காமல் என்ன ரீபேலன்ஸ்? குளத்தில் இறங்காமல் நீச்சல் கற்பதுபோல இருக்கிறது.

பெரம்பூர் சந்துரு: நான் கேட்டது 2 சதவீதம்.

ரேவதி: மன்னிக்கவும் சந்துரு. பங்குக்கும் தங்கத்துக்கும் உள்ள வருமான வித்தியாசம் ஆண்டுக்கு 20 சதவீதம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி வைத்திருப்பவருக்கு 0.20-ஐ 0.20-ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் போதும்: 0.005. விகிதத்தைச் சரிசெய்வதால் வரும் கூடுதல் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட அரை சதவீதம். அதுவும் நீண்ட காலத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்தால்தான். ஒன்று மற்றதை விட்டு ஓடிக்கொண்டே இருந்தால், ஓடுகிற குதிரையிலிருந்து நாமே இறங்கிக்கொண்டிருப்போம். அரை சதவீதமும் மிஞ்சாது. 2 சதவீதம் வர வித்தியாசம் 40 சதவீதம் ஆட வேண்டும். அப்படி ஆடினால் அந்தப் பேச்சாளர் மண்டபத்தில் இருக்க மாட்டார். விகிதத்தைச் சரிசெய்வதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்கு ஏறி ஏறி 80 சதவீதமாகி, அந்த நேரத்தில் சந்தை சரிந்தால் தூக்கம் போய்விடும். அதற்காகச் செய்யுங்கள்.

தணிகாசலம்: எட்டால் ஏன் வகுக்க வேண்டும்? ஏழால் வகுத்தால் ஆகாதா? என் கணக்கில் சூத்திரம் இல்லை, யூனிட் இருக்கிறது, விலை இருக்கிறது. தகவல் கோட்பாட்டின் தந்தை க்ளாட் ஷானனே இந்த உதாரணத்தைத்தான் காட்டினார்.

ரேவதி: ஷானன் காட்டியது பாதிக்குப் பாதி வாய்ப்போடு மேலும் கீழும் போகிற விலையை. நிச்சயம் திரும்பி வரும் விலையை இல்லை. பல சுற்று ஆடினால் பெரும்பாலானவர்கள் முன்னே இருப்பார்கள், சராசரி மட்டும் பின்னே இருக்கும். அவர் உதாரணத்தின் சுவையே அதுதான்; நீங்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டீர்கள்.

காசிமேடு கண்ணன்: தள்ளுக்கழிவு போலவே.

தணிகாசலம்: பெரும்பாலானவர்கள் முன்னே இருப்பார்கள் என்று அவரே எழுதிவிட்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணா, சீட்டு இழையில் உன் பதிலைப் படி எடுத்து வைத்திருக்கிறேன், போடட்டுமா?

காசிமேடு கண்ணன்: தாராளமாக. கூடவே 25 ரூபாய்க்கு இறங்கிய ஃபண்டுக்கும் ஒரு பதில் போடுங்கள்.

தணிகாசலம்: விலை கிளம்பிய இடத்துக்கே வந்தது, கையில் 12,500 கூடுதல். முதலில் இதற்கு நேராகப் பதில் வரட்டும்.

மூலக்கடை மும்தாஜ்: அப்படியென்றால் வளையலை அட்சய திருதியை வரை வைத்திருக்கலாமா, இப்போதே கொடுத்துவிடலாமா? யாராவது அதைச் சொல்லுங்கள்.